முதுகுக்குப் பின்னால் தட்டிய சத்தம்

சந்திரம்மாவுக்குக் கண் போய் மூன்று வருடம் ஆகிறது. சர்க்கரை கண்ணின் உள்திரையைத் தின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். முதலில் நூல் நூலாக ஏதோ மிதந்தது. பிறகு வலது கண்ணில் கறுப்புத் துணி இறங்கியது. லேசர் வைத்தார்கள், கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். கடைசியில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு மட்டும் வெளிச்சம் மிஞ்சியது.

பொம்மனஹள்ளியில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள் அவள். முதலில் காலர் தைத்தாள். பிறகு தையல் சரியா என்று பார்க்கும் செக்கிங் டேபிளுக்கு மாற்றினார்கள். ஒரு சட்டையை எடுத்து விரித்தால் எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது என்று பத்து நொடியில் சொல்லிவிடுவாள். கண்ணை நம்பிச் சாப்பிட்டவள். அந்த நூல் மிதக்க ஆரம்பித்தபோது அவள் கணவன் உமேஷிடம் சொன்னாள். மகன் கவினுக்கு அப்போது கல்யாணம் குறித்திருந்தது.

"கல்யாணம் முடியட்டும் சந்திரா. முடிஞ்ச அடுத்த வாரமே போய்க் காட்டிடலாம்" என்றான் உமேஷ்.

கல்யாணம் முடிந்து, விருந்து முடிந்து, மகனும் மருமகளும் புனேவுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான்கு மாதம் ஓடியிருந்தது. நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உமேஷ் டாக்டரைக் கேட்கவில்லை. கேட்கப் பயந்தான்.

அவர்கள் வீடு தொம்மலூரில், பழைய ஊர்ச் சந்துக்குள், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. சந்து முனையில் நின்றால் கண்ணாடி ஆபீஸ்கள் தெரியும். சந்துக்குள் வந்துவிட்டால் எதிர்வீட்டுக் குக்கர் விசில்தான். உமேஷ் சிட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றதிலிருந்து சமையல், துணி, மாத்திரை எல்லாம் அவன் கையில்தான்.

சந்திரம்மா ஒரு வருடத்தில் வீட்டைக் காதால் கற்றுக்கொண்டாள். இடப்பக்கம் ஃபிரிட்ஜின் முனகல் கேட்டால் சமையலறை. வலப்பக்கம் ஸ்கூட்டரும் காய்கறி வண்டியும் கேட்டால் ஜன்னல். நேர் எதிரே டிவி. சோபாவுக்குப் பின்னால், இடது மூலையில், வாசல் கதவு. படியில் வரும் செருப்பைக் கேட்டே யார் என்று சொல்வாள். கேஸ் சிலிண்டர்காரர் இரண்டு இரண்டு படியாக ஏறுவார். கீழ்வீட்டு மௌரீன் ஒவ்வொரு படியிலும் குதிகாலை அழுத்தி, டக் டக் என்று ஒரே சீராக ஏறுவாள்.

சினிமா அவளுக்கு எப்போதும் வேண்டும். ஃபேக்டரி நாட்களில் ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோ விட்டதில்லை. கண் போன பிறகும் டிவி முன்னால் உட்கார்ந்தாள். டிவியின் சொந்த ஒலியில் வசனம் சரியாகப் பிடிபடவில்லை என்று மகன் ஒரு சவுண்ட்பார் வாங்கி அனுப்பினான். டிவிக்குக் கீழே நீளமாகப் படுத்திருக்கும் அந்தக் கறுப்புக் கட்டை வந்த பிறகு பேச்சு தெளிவானது. ஆனால் எல்லாம் எதிரே ஒரே இடத்திலிருந்துதான் வந்தது.

ஒருநாள் உமேஷ் மிக்ஸி ஜார் வாங்க இந்திரா நகரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனான். உள்ளே ஒரு சின்ன அறையில் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். காட்டில் மழை பெய்யும் காட்சி. கண்ணை மூடிக்கொண்டு நின்றான். மழை தலைக்குப் பின்னால் பெய்தது. ஒரு பறவை வலது தோளுக்குப் பின்னாலிருந்து இடது தோளுக்குப் போனது. கண்ணை மூடியபடியே அவன் சந்திரம்மாவை நினைத்தான். பார்க்கிறவனுக்கு இது வேடிக்கை. பார்க்க முடியாதவளுக்கு இது படமே அல்லவா என்று அவனுக்குத் தோன்றியது.

வீட்டிலும் அப்படிப் பின்னாலிருந்து சத்தம் வரவைக்க நினைத்தான். முதலில் ஒரு தப்பு செய்தான். தெருக்கடையில் இரண்டு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வந்து சோபாவுக்குப் பின்னால் வைத்து, சவுண்ட்பாரோடு சேர்க்க இரண்டு நாள் மல்லுக்கட்டினான். சேரவில்லை. கடைசியில் சவுண்ட்பார் கம்பெனியின் சர்வீஸுக்குப் போன் செய்தான். ரக்ஷா என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். தாய்மொழி கன்னடம், தமிழும் நன்றாகப் பேசினாள். பையை வைத்துவிட்டு முதலில் சவுண்ட்பாரைத் திருப்பி அடியிலிருந்த மாடல் நம்பரைப் பார்த்தாள்.

"உங்க பார் ஓகே அங்கிள், இதுக்குப் பின்னாடி ஸ்பீக்கர் சேர்க்கலாம். எல்லா மாடல்லயும் முடியாது. ஆனா இந்த ப்ளூடூத்து ஆகாது. அதே கம்பெனில, இந்த மாடலுக்குன்னு போட்டிருக்கற சப்வூஃபரும் ரியர் ஸ்பீக்கரும்தான் இதோட பேசும்."

அடுத்த சனிக்கிழமை காலை அவளே அந்தப் பெட்டிகளோடு வந்தாள். ஒரு பெரிய கறுப்புப் பெட்டி, அடித்தொண்டைச் சத்தத்துக்கு; அதுதான் சப்வூஃபர். இரண்டு சின்னப் பெட்டிகள், பின்பக்கத்துக்கு. ரக்ஷா பிளக் பாயிண்ட் தேடியதைப் பார்த்து உமேஷ் குழம்பினான்.

"வயர்லெஸ்னு சொன்னாங்களே."

"சத்தம்தான் வயர் இல்லாம வரும் அங்கிள். கரண்ட் வேணுமில்ல."

சப்வூஃபரை டிவி பக்கத்துச் சுவர் ஓரமாக வைத்தாள். மூலையில் நெருக்கி வைத்தால் சத்தம் கும்மென்று ஊதிவிடும் என்று கொஞ்சம் தள்ளி வைத்தாள். பின் ஸ்பீக்கர் ஒன்று ஜன்னல் பக்கம், இன்னொன்று வாசல் கதவின் நிலையை ஒட்டி. அந்தப் பக்கம் பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது. சோபாவில் உட்கார்ந்தால் காது எந்த உயரத்தில் வருமோ அதற்குச் சற்று மேலே, இரண்டையும் சந்திரம்மாவின் தலையை நோக்கித் திருப்பி வைத்தாள். ஜன்னல் பக்கத்து ஸ்பீக்கருக்கு எக்ஸ்டென்ஷன் ஒயர் தேவைப்பட்டது. "ஆன்ட்டி நடக்கற வழியில ஒயர் வரக்கூடாது" என்று சொல்லி, சுவரின் அடியோடு கிளிப் அடித்துக் கொண்டுபோனாள்.

மூன்றுக்கும் கரண்ட் கொடுத்தாள். மினுக்கிக்கொண்டிருந்த விளக்குகள் ஒவ்வொன்றாக நிலைத்தன. சப்வூஃபரின் விளக்கு மட்டும் விடாமல் மினுக்கியது. அதன் பின்னாலிருந்த பொத்தானை அழுத்திப் பிடித்து, சவுண்ட்பாரிலும் ரிமோட்டில் ஏதோ அழுத்தினாள். அதுவும் நின்றது. ஒரு படத்தைப் போட்டார்கள். முன்னால் எல்லாம் கேட்டது. பின்னால் ஒரு முணுமுணுப்பும் இல்லை. உமேஷின் முகம் விழுந்தது. ரக்ஷா டிவியின் செட்டிங்கைத் திறந்தாள்.

"டிவி எல்லாச் சத்தத்தையும் இடது, வலதுன்னு ரெண்டாச் சுருக்கி அனுப்புது. படத்துல இருக்கறத அப்படியே அனுப்பச் சொல்லணும்."

மாற்றினாள். பிறகு ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரே மாதிரி இரைச்சலை வரவைத்து அளவு பார்த்தாள்.

"இடப்பக்கம் பின்னாடி கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றாள் சந்திரம்மா.

ரக்ஷா ஒரு புள்ளி குறைத்தாள்.

"இன்னும் ஒண்ணு."

குறைத்தாள். சந்திரம்மா தலையாட்டினாள். விட்டுப்போன தையலைக் கண்டுபிடித்தபோது ஃபேக்டரியில் அவள் அப்படித்தான் தலையாட்டுவாள் என்று உமேஷ் கேள்விப்பட்டிருக்கிறான்.

அன்று மத்தியானம் படம் போட்டார்கள். படத்தில் மழை வந்தபோது சந்திரம்மா கையை விரித்து நீட்டினாள், நனைகிறதா என்று பார்ப்பதுபோல. ஒரு ரயில் பின்னாலிருந்து வந்து அவள் காதோரமாகப் போய் எதிரே மறைந்தது. ரயில் கனத்தில் சோபாவின் பலகை அதிர்ந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாளாயிற்று. உமேஷ் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான்.

மறுநாள் மௌரீன் மேலே வந்தாள். முதல் மாடியில் தனியாக இருப்பவள். கான்வென்ட் பள்ளி ஒன்றில் ஆபீஸ் வேலை பார்த்தவள், சந்திரம்மாவைவிடப் பத்து வயது பெரியவள். வாசலில் பெல் இருந்தும் அதை அவள் அழுத்தியதே இல்லை. எப்போதும் விரல் கணுவால் மூன்று தட்டு.

"உமேஷ், நேத்து என் ஷோகேஸ்ல கண்ணாடி கிளாஸெல்லாம் டான்ஸ் ஆடுது. மேல என்ன யானை வாங்கிட்டீங்களா?"

உமேஷ் வெட்கப்பட்டான். அன்றே சப்வூஃபரின் அளவைக் குறைத்தான். அடியில் தடிமனான ரப்பர் மேட் போட்டான். மௌரீன் திட்ட வந்தவள், படத்தைப் பாதியிலிருந்து கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். திரையில் நடப்பதைச் சந்திரம்மாவுக்குச் சொல்லவும் ஆரம்பித்தாள். "இப்ப அவ மாடியில நிக்கறா. பச்சைப் புடவை, சரிகை கம்மி, கிராண்டா இல்ல. அவன் கீழ செருப்ப கழட்டறான், மேல பாக்கவே இல்ல." உமேஷிடம் கேட்டால் "சண்டை போடறாங்க", "அழறாங்க" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவான். மௌரீனுக்குக் கண் நிறைய விவரம் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் மத்தியானம் படம், டீ, மௌரீன் என்று ஆனது. அந்தக் கொஞ்ச நாட்கள் நல்ல நாட்கள்.

மௌரீன் இல்லாத நாட்களில்தான் தொந்தரவு தொடங்கியது. படத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். சத்தம் சோபாவுக்குப் பின்னால், இடது மூலையிலிருந்து, வாசல் கதவு இருக்கும் இடத்திலிருந்தே வந்தது. சந்திரம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. உமேஷ் சமையலறையிலிருந்து சிரித்துக்கொண்டே சொன்னான்: "அது படம் சந்திரா."

இன்னொரு நாள் ஒரு காலடி அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. "என்னங்க" என்று திரும்பினாள். உமேஷ் அப்போது மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை, குழந்தை அழுகிற சத்தம் கேட்டு அவசரமாக எழுந்ததில் டீப்பாயில் முழங்கால் இடித்து விழுந்தாள். தோல் உரிந்து ரத்தம் வந்தது. சர்க்கரைக்காரிக்குப் புண் சீக்கிரம் ஆறாது என்று உமேஷுக்குப் பயம். மருந்து வைத்துக் கட்டியபடி கொஞ்சம் கோபமாகவே சொன்னான்.

"இனிமே படம் ஓடும்போது என்ன சத்தம் கேட்டாலும் எழுந்திரிக்காதே. நிஜமா யாராவது வந்தா போன் பண்ணுவாங்க. இல்லன்னா பெல் அடிப்பாங்க."

"வேணும்னா பின்னாடி இருக்கறத நிறுத்திடலாமா?" என்று அவள் கேட்டாள்.

"உனக்காகத்தானே வாங்கினது."

அவளுக்கும் மழை பிடித்திருந்தது. ஆனால் வீட்டின் இடது மூலையை அவள் அன்றிலிருந்து நம்பவில்லை. அதை அவனிடம் சொல்லவும் இல்லை.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை. உமேஷ் பென்ஷன் விஷயமாக சாந்திநகர் ஆபீஸுக்குக் காலை பதினொரு மணிக்குக் கிளம்பினான். மௌரீன் அன்று விடிகாலையிலேயே வைட்ஃபீல்டில் உறவுக்காரி வீட்டுக்குப் போயிருந்தாள். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். சந்திரம்மா சாப்பிட்டுவிட்டு, உமேஷ் பழக்கியிருந்தபடி ரிமோட்டில் வாயால் சொல்லி ஒரு படத்தைப் போட்டாள். பாழடைந்த பங்களாவில் நடக்கும் பேய்க் கதை. போனைக் கேட்டபோது மணி இரண்டு என்று சொன்னது.

படம் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். பங்களாவில் காற்று அடித்தது, ஜன்னல்கள் மோதிக்கொண்டன, சப்வூஃபர் உறுமியது. அந்தச் சந்தடிக்குள் படியேறும் குதிகால் கேட்டது. டக் டக் என்று ஒரே சீராக. பிறகு பின்னால் இடது பக்கம் மூன்று தட்டு.

சந்திரம்மாவின் கை சோபாவின் கைப்பிடியை அழுத்தியது. பாதி எழுந்தாள். மௌரீன் வைட்ஃபீல்டில் இருக்கிறாள் என்று நினைத்தாள். முழங்கால் புண் காய்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. என்ன சத்தம் கேட்டாலும் எழுந்திரிக்காதே. அவள் மறுபடி உட்கார்ந்தாள். இன்னும் ஒரு தட்டு கேட்டது, இந்த முறை மெதுவாக. ஒரு பெண் குரல் ஏதோ சொன்னதுபோலவும் இருந்தது. படத்தில் அப்போது பேயும் முனகிக்கொண்டிருந்தது. பிறகு கனமாக ஏதோ விழுந்தது. படத்தில் ஒரு பீரோ சாய்ந்தது. இரண்டும் ஒன்றா, இரண்டா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

அவள் படத்தைத் தொடர்ந்து கேட்டாள்.

நான்கு மணிக்குச் சற்று முன் உமேஷ் படியேறி வந்தான். இரண்டாம் மாடி வாசலில், கதவில் முதுகு சாய்ந்து, கால் மடங்கி மௌரீன் கிடந்தாள். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை தரையில் துணிபோலக் கிடந்தது. பக்கத்தில் ஒரு ரொட்டிப் பொட்டலம், வைட்ஃபீல்டிலிருந்து சந்திரம்மாவுக்குக் கொண்டுவந்தது.

உமேஷ் கதவை ஓங்கித் தட்டினான். உள்ளிருந்து பதில் வரவில்லை. சாவியால் திறந்தான்.

"தட்டினது கேக்கலையா?"

"படம்னு நினைச்சேன்" என்றாள் சந்திரம்மா. பிறகு அவன் மூச்சு வாங்குவதைக் கேட்டு, "என்ன ஆச்சு?" என்றாள்.

ஆம்புலன்ஸ் சந்துக்குள் வர முடியாமல் முனையில் நின்றது. உமேஷும் கீழ்த்தளத்து டெய்லரும் மௌரீனை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போனார்கள். சந்திரம்மா டெய்லர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். வேண்டாம் என்று உமேஷ் சொன்னதை அவள் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டி அடைச்சிருக்கு. ரத்தக்கசிவு இல்ல. கரைக்கற ஊசி இருக்கு. ஆனா அடைப்பு ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாதான். அதுக்கு மேல போட்டா ஆபத்து. இவங்களக் கடைசியா நல்லபடியா பார்த்தது யாரு? எப்போ?"

உமேஷ் யோசித்தான். வைட்ஃபீல்டு உறவுக்காரிக்குப் போன் போட்டான். தலை வலிக்கிறது என்று சொல்லி மௌரீன் பதினொன்றரைக்கே அங்கிருந்து கிளம்பிவிட்டாளாம். அதுவரை நன்றாகத்தான் இருந்தாளாம். வந்து கீழே தன் வீட்டில் கொஞ்சம் படுத்திருந்துவிட்டு மேலே ஏறியிருப்பாள் என்று உமேஷ் நினைத்தான். டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தடிக்கப் பத்து நிமிடம்.

"பதினொன்றரைன்னா டைம் தாண்டிடுச்சு. அதுக்கப்புறம் யாரும் பாக்கலையா?"

உமேஷ் வாயைத் திறப்பதற்குள் சந்திரம்மா சொன்னாள்.

"நான் கேட்டேன்."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"மூணு மணிக்குப் படியேறி வந்தாங்க. செருப்புச் சத்தம் நேரா இருந்துச்சு. காலை இழுக்கல, தடுமாறல. ஒவ்வொரு நாளும் எப்படி ஏறுவாங்களோ அப்படித்தான். மூணு தடவை தட்டினாங்க. அதுவும் சரியாத்தான் இருந்துச்சு. நாலாவதுதான் மெதுவா இருந்துச்சு. அப்புறம் விழுந்தாங்க."

"மூணு மணின்னு எப்படித் தெரியும்?"

"ரெண்டு மணிக்குப் படம் போட்டேன். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது."

"நீங்க கதவைத் திறக்கலையா?"

"திறக்கல" என்றாள்.

டாக்டர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு பெரிய டாக்டரை அழைத்து இரண்டு நிமிடம் பேசினார். அந்தப் படம் எப்போது தொடங்கியது என்ற கணக்கு டிவியிலோ போனிலோ இருக்கிறதா என்று கேட்டார்கள். அதை எப்படிப் பார்ப்பது என்று உமேஷுக்குத் தெரியவில்லை. ஸ்கேனை மறுபடி பார்த்தார்கள். பெரிய டாக்டர் வந்து சந்திரம்மாவிடம் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டார். அவள் அதே பதில்களைத் திரும்பச் சொன்னாள். ஊசி போட்டார்கள்.

மௌரீன் பிழைத்தாள். பத்து நாளில் வலது கால் லேசாக அசைந்தது. கை அசையவில்லை. பேச்சு உடைந்து உடைந்து வந்தது. ஊசி போட்டதால் இவ்வளவாவது மிஞ்சியது என்று டாக்டர் உமேஷிடம் சொன்னார். "இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பாதி வாக்கியத்தை உமேஷ் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோக வேண்டிய தேவையும் இருக்கவில்லை; சந்திரம்மாவிடம் அது ஏற்கெனவே இருந்தது. அவள் டிவி போடுவதை நிறுத்தினாள். சாப்பாட்டைக் குறைத்தாள். சர்க்கரை இறங்கி ஒருநாள் காலையில் மயக்கம் போட்டு விழுந்தாள். ஹாலில் சோபாவில் உட்காராமல், வாசல் கதவை ஒட்டித் தரையில் பாய் போட்டு உட்கார்ந்துகொண்டாள். படியில் யார் வந்தாலும் அவர்கள் தட்டும் முன்பே எழுந்து திறந்தாள். மூன்றாம் மாடிக்குப் போகிறவர்களுக்கும் திறந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உமேஷ் அவளுக்கு எதிரே தரையில் வந்து உட்கார்ந்தான்.

"பின்னாடி ரெண்டையும் கழட்டிடறேன்."

"கழட்டினா?"

"கழட்டினா ஒண்ணும் ஆகாது. தெரியும்."

அவன் கதவோரத்து ஸ்பீக்கரின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"எழுந்திரிக்காதேன்னு சொன்னது நான்."

"காது என்னோடது. எனக்குத் தெரிஞ்சது அது மௌரீன் அக்காதான்னு. பாதி எழுந்துட்டேன். அந்தக் குதிகால் சத்தம் எந்தப் படத்துலங்க வரும்? தெரிஞ்சும் உக்காந்துட்டேன்."

உமேஷ் ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கினான். அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"நூல் மாதிரி தெரியுதுன்னு நீ சொன்ன. கல்யாணம் முடியட்டும்னு சொன்னேன்" என்றான். "எனக்கு நாலு மாசம். உனக்கு ஒரு மணி நேரம்."

மூன்று வருடத்தில் அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை. சந்திரம்மா கையை நீட்டி அவன் இருக்கும் இடத்தைத் தேடினாள். முழங்கால் அகப்பட்டது. அதன் மேல் கையை வைத்தாள். மன்னித்தேன் என்றோ, பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. "எனக்கு அப்பவே தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

உமேஷ் ரக்ஷாவுக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டான். திருப்பிக் கொடுக்கும் காலம் தாண்டிவிட்டது என்றாள். வேறு வீட்டில் வேறு சவுண்ட்பாரோடும் இது சேராது, அதே மாடல் வைத்திருக்கிறவர் யாராவது கிடைத்தால் கொடுக்கலாம் என்றாள். என்ன ஆச்சு அங்கிள் என்று கேட்டாள். அவன் சொன்னான்.

"கதவுகிட்ட வெச்சது நான்தானே அங்கிள்" என்றாள் ரக்ஷா. "அங்கதான் பிளக் இருந்துச்சு."

"உன்மேல என்னம்மா இருக்கு" என்றான் உமேஷ். ஆனால் அன்று மாலையே அவள் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பின் ஸ்பீக்கர்களைச் சவுண்ட்பாரின் கணக்கிலிருந்தும் நீக்கி, அவை இல்லாத மாதிரி செட்டிங்கை மாற்றினாள். பின்னால் வரவேண்டிய சத்தத்தையும் இனிப் பாரே முன்னால் கொடுத்துவிடும் என்றாள். சப்வூஃபரையும் எடுத்துவிடவா என்று கேட்டாள். அதை விட்டுவிடச் சொன்னாள் சந்திரம்மா. அதன் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது, அதனால் அது பொய் சொல்லாது என்றாள். போகும்போது ரக்ஷா கதவின் பெல்லைக் கழற்றி, சத்தம் கூடுதலாக ஒன்று மாட்டிவிட்டுப் போனாள். அதற்கு யாரிடமும் எதுவும் வாங்கவில்லை.

மௌரீனைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் ஆள் இல்லை. உறவுக்காரர்கள் பேசி, கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் அவளைச் சேர்த்தார்கள். ஃபிரேசர் டவுன் தாண்டி இருந்தது. முதல் மாடி வீட்டைக் காலி செய்து கம்பெனி வேலைப் பையன்கள் மூன்று பேருக்கு வாடகைக்கு விட்டார்கள். ஷோகேஸையும் கண்ணாடி கிளாஸ்களையும் யார் எடுத்துப் போனார்கள் என்று தெரியவில்லை.

அக்டோபர் கடைசியில் சந்திரம்மா அங்கே போகச் சம்மதித்தாள். இல்லத்தின் நீண்ட வராந்தாவில் சக்கர நாற்காலிகள் போவதும் வருவதும் கேட்டது. உமேஷ் அவளை மௌரீனின் கட்டிலோரம் உட்காரவைத்தான். சந்திரம்மா தடவிப் பார்த்ததில் வலது கைதான் அகப்பட்டது. அது பதிலுக்குப் பற்றவில்லை. இடது கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"அக்கா, நான் கேட்டேன். கேட்டுட்டுத் திறக்கல" என்றாள் சந்திரம்மா. இரண்டு மாதமாக அந்த வாக்கியத்தைத் தனக்குள் சொல்லிப் பழகியிருந்தாள்.

மௌரீன் வெகுநேரம் எடுத்தாள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது.

"என்ன... படம்?"

சந்திரம்மாவுக்கு முதலில் புரியவில்லை.

"அன்னைக்கு... என்ன... படம்?"

சந்திரம்மா படத்தின் பெயரைச் சொன்னாள். பங்களா, காற்று, பேய் என்று சொல்ல ஆரம்பித்தாள். பேய் என்ன உடை உடுத்தியிருந்தது என்று மௌரீன் கேட்டாள். சந்திரம்மாவுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை அல்லவா. அதைச் சொல்ல வாயெடுத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மௌரீனின் இடது கை அவள் மணிக்கட்டை விடவில்லை, இறுக்கவும் இல்லை. மணியடித்து, சாப்பாட்டு நேரம், பார்க்க வந்தவர்கள் கிளம்பலாம் என்று ஒரு சிஸ்டர் வந்து சொல்லும்வரை அப்படியே இருந்தார்கள்.

மாதத்துக்கு ஒருமுறை போகிறார்கள். சில மாதம் மௌரீன் பேசுகிறாள். சில மாதம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். அப்போது சந்திரம்மா கட்டிலோரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறாள். வீட்டில் உமேஷ் இருக்கும்போது மட்டும் படம் ஓடுகிறது. அவன் இப்போது கொஞ்சம் கூடுதலாகச் சொல்லப் பழகியிருக்கிறான். புடவையின் நிறத்தைச் சொல்கிறான், பெரும்பாலும் தப்பாக. வாசலில் பெல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் படத்தின் நடுவில் சந்திரம்மா இரண்டு மூன்று தடவை எழுந்து போய்க் கதவைத் திறந்து, வெளியே காது கொடுத்து நின்றுவிட்டு வருகிறாள். அது படம் என்று உமேஷ் சொல்வதில்லை. படத்தை நிறுத்திவிட்டு, அவள் திரும்பி வந்து உட்காரும்வரை காத்திருக்கிறான்.